வீட்டு எண்ணைத் தவளை என்னும் மாடல்

சிஃபார்-10 என்ற படத்தொகுப்பில் பத்து வகைப் படங்கள்தான் உண்டு: விமானம், கார், பறவை, பூனை, மான், நாய், தவளை, குதிரை, கப்பல், லாரி. படத்தைப் பார்த்து வகையைச் சொல்ல இதில் பயிற்சி பெற்ற கணினி மாடலிடம் தெருவில் எடுத்த வீட்டு எண் படம் ஒன்றைக் கொடுத்தால், “எனக்குத் தெரியாது” என்று அது சொல்லாது. பதினோராவது விடை என்று ஒன்று அதனிடம் கிடையாது. பத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சில நேரம் தவளை என்று அடித்துச் சொல்லும்.

பயிற்சியில் பார்த்த வகையைச் சேராத இப்படிப்பட்ட படத்தைப் பிடிக்க என்ன வழி? 2016இல் ஹென்ட்ரிக்ஸ், கிம்பல் என்ற ஆய்வாளர்கள் மிக எளிய வழி ஒன்றை முன்வைத்தார்கள். மாடல் ஒவ்வொரு வகைக்கும் முதலில் ஒரு மதிப்பெண் போடுகிறது. இதற்கு லாஜிட் என்று பெயர். சாஃப்ட்மேக்ஸ் என்ற சூத்திரம் இந்தப் பத்தையும் கூட்டினால் 1 வரும் நிகழ்தகவுகளாக மாற்றுகிறது. அவற்றில் பெரியது எவ்வளவு என்று பார். குறைவாக இருந்தால் சந்தேகப்படு. அவ்வளவுதான்.

2020இல் லியுவும் உடன் பணியாற்றியவர்களும் சாஃப்ட்மேக்ஸை விட்டுவிட்டு, எல்லா லாஜிட்டுகளையும் நேரடியாக ஒரே எண்ணாகச் சுருக்கும் எனர்ஜி ஸ்கோரைக் கணக்கிட்டார்கள். பைத்தான் நிரலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வரிதான்:

```python
msp = logits.softmax(dim=1).max(dim=1).values
score = torch.logsumexp(logits, dim=1)
```

இரண்டாவது வரியில் வருவது எனர்ஜியின் எதிர்க்குறி மதிப்பு. அது பெரிதாக இருந்தால் படம் பழக்கமானது என்று கொள்ளலாம்.

இந்த ஒரு வரி என்ன மாற்றுகிறது? மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. தெளிவான குதிரைப் படம்: குதிரைக்கு லாஜிட் 9, மற்ற ஒன்பதுக்கும் −1. வீட்டு எண் படம்: தவளைக்கு 5.4, மற்றவற்றுக்கு −0.6. மூன்றாவது, நாய் போலத் தெரியும் நிஜப் பூனை: பூனைக்கு 6, நாய்க்கு 5.4, மற்ற எட்டுக்கும் சுமார் −1.4.

சாஃப்ட்மேக்ஸ் குதிரைக்கு 0.9996 தருகிறது, வீட்டு எண்ணுக்கு 0.978, பாவம் பூனைக்கு 0.64. வீட்டு எண்ணைத் தள்ளும்படி எங்கே எல்லைக்கோடு போட்டாலும் அதற்கு முன்பே பூனை வெளியே போய்விடும். ‘இரண்டில் எது?’ என்ற குழப்பத்தையும் ‘இதைப் பார்த்ததே இல்லை’ என்பதையும் இந்த அளவுகோல் ஒன்றாகவே பார்க்கிறது. எனர்ஜி வழியில் அதே மூன்றும் 9.0, 5.4, 6.4 என்று வருகின்றன. 6இல் கோடு போட்டால் வீட்டு எண் மட்டும் வெளியே நிற்கும்.

நடைமுறையில் இந்தக் கோட்டை உள்ளே இருக்க வேண்டிய படங்களை வைத்தே போடுவார்கள்: அவற்றில் 95 சதவீதம் தேறும்படி. அப்புறம் வெளிப்படங்களில் எத்தனை நுழைந்துவிடுகின்றன என்று எண்ணுவார்கள்.

சரி, எனர்ஜியிலேயே நிறுத்திக்கொள்ளலாமா? கொஞ்சம் பொறுங்கள். எல்லா லாஜிட்டுகளோடும் 100ஐக் கூட்டினால் சாஃப்ட்மேக்ஸ் மாறாது. விடை எவ்வளவு தவறு என்று அளக்கும், பயிற்சியில் குறைக்கப்படும் கிராஸ் என்ட்ரபி இழப்பும் மாறாது. ஆனால் எனர்ஜி ஸ்கோர் 100 ஏறிவிடும். அதாவது, நாம் கோடு போடும் அந்த எண் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று பயிற்சி ஒருபோதும் சொல்லவில்லை. இழப்பைப் படிப்படியாகக் குறைக்கும் வழக்கமான கிரேடியன்ட் டிசென்ட்டில் லாஜிட்டுகளுக்கான சாய்வுகளின் கூட்டல் பூஜ்யம் என்பதால், கடைசி அடுக்கு லாஜிட்டுகளை ஒட்டுமொத்தமாக மேலே தூக்கக் கற்பதில்லை. ஒன்று ஏறினால் மற்றவை இறங்கும். மேலே என் எண்களையும் அப்படித்தான் வைத்தேன். இந்த முறை பெரும்பாலும் வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு, உத்தரவாதம் அல்ல.

இரண்டு முறையும் சேர்ந்தே தோற்கும் இடம் பிக்கப் வண்டி. சிஃபார்-10இன் லாரி வகையில் பெரிய லாரிகள் மட்டும்தான். பிக்கப்பைத் திட்டமிட்டே விட்டிருக்கிறார்கள். நூறு வகைகள் கொண்ட சிஃபார்-100இல் அது தனி வகையாக இருக்கிறது. அந்தப் படத்தில் சக்கரம், கண்ணாடி, சாலை என லாரிக்கு வேண்டிய எல்லாமே உண்டு. லாரியின் லாஜிட் தாராளமாக ஏறும், எனர்ஜியும் கூடவே ஏறும். லாரியைக் காரிலிருந்து பிரிக்கத் தேவையானதை மட்டுமே மாடல் கற்றிருக்கிறது. லாரியைப் பிக்கப்பிலிருந்து பிரிக்க அதற்கு அவசியமே வரவில்லை. லாஜிட்டில் இல்லாத தகவலை எந்தச் சூத்திரமும் கறக்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. பனிமூட்டத்தில் எடுத்த குதிரையில் விளிம்புகள் மங்கிப் போவதால் லாஜிட்டுகள் சுருங்கிவிடும். குதிரை என்று சரியாகவே சொல்லிவிட்டு, அந்தப் படத்தை அந்நியம் என்றும் தள்ளிவிடும்.

ஆகவே வீட்டு எண்களில் வந்த நல்ல மதிப்பெண்ணை வைத்து முறையை எடைபோடக் கூடாது. அது தூரத்துச் சோதனை, எளிது. சிஃபார்-100ஐக் கொடுத்து, அதிலும் மொத்த சராசரியைப் பார்க்காமல், பிக்கப், பஸ், ஓநாய் என வகைவகையாகப் பிரித்து, எது எவ்வளவு உள்ளே நுழைகிறது என்று பார்க்க வேண்டும். லியு குழுவினர் வெளிப்படங்களையும் காட்டி எனர்ஜியைப் பிரித்து வைக்கப் பயிற்றும் வழியையும் தந்தார்கள். அதற்குப் பிறகும் நான் முதலில் திறந்து பார்ப்பது பிக்கப் வரிசையைத்தான்.