சர்க்கரை ஆலைக்குள் எது வேதியியல் மாற்றம்?

மொரீஷியஸில் ஜூன் மாதம் தொடங்கும் கரும்பு அறுவடை ஆண்டின் இறுதிவரை நீள்கிறது. அந்த மாதங்களில் பெல் வ்யூ, யூனியோன் ஃப்ளாக், லா பராக் ஆகிய ஊர்களிலுள்ள ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிய லாரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தச் சாலைகளில் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள், கேம்பிரிட்ஜ் தேர்வுக்காக வேதியியல் மாற்றத்தின் அடையாளங்களை மனப்பாடம் செய்கிறார்கள்: குமிழி வந்தால் வினை, வீழ்படிவு தோன்றினால் வினை, வெப்பம் வெளிப்பட்டால் வினை, நிறம் மாறினால் வினை. இந்த நான்கையும் ஒரே கூரையின்கீழ்க் காட்டக்கூடிய இடம் சர்க்கரை ஆலை. ஆனால் அங்கே கண்ணைக் கவரும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை வெறும் இயற்பியல் மாற்றங்களே. ஆலைக்கு உண்மையான இழப்பை உண்டாக்கும் வேதியியல் மாற்றமோ இந்த நான்கில் ஒன்றையும் காட்டாமல் நடந்து முடிந்துவிடுகிறது.

இரண்டையும் பிரிக்கும் கோடு மூலக்கூறுக்குள் இருக்கிறது. நாம் சர்க்கரை என்று அழைக்கும் சுக்ரோஸின் ஒவ்வொரு மூலக்கூறும், ஒரு குளுக்கோஸ் வளையமும் ஒரு ஃப்ரக்டோஸ் வளையமும் ஓர் ஆக்சிஜன் அணுவின் வழியாக இணைந்து உருவானது. சர்க்கரையை நீரில் கரைக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நீருக்குள் பரவுகின்றனவே தவிர, அந்த இணைப்பு அறுவதில்லை. ஆகவே கரைதல் இயற்பியல் மாற்றம். இணைப்பு அறுந்து அணுக்கள் வேறுவிதமாகக் கட்டப்பட்டால் மட்டுமே வேறு பொருள் பிறக்கிறது. குமிழி, வீழ்படிவு முதலியவை அப்படி நடந்திருக்கலாம் என்று சந்தேகிக்க இடம் தருவன. நடந்தது என்று நிறுவுவன அல்ல.

முதலில் குமிழியைப் பார்ப்போம். பிழிந்து தெளியவைத்த சாற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கு கரைபொருள் இருக்கும். அதை 65 பங்கு அளவுக்குச் செறிவூட்ட, வரிசையாக அமைந்த ஆவியாக்கிகளில் கொதிக்கவைக்கிறார்கள். பிறகு படிகம் வளர்க்கும் வெற்றிடக் கலத்தில் காற்றழுத்தத்தைக் குறைத்துவிடுவதால், அந்தக் கெட்டியான பாகு 65 அல்லது 70 டிகிரி செல்சியஸிலேயே கொந்தளித்துக் கொதிக்கிறது. கலத்தின் கண்ணாடிச் சாளரம் வழியே பார்க்கும் மாணவர் அதை ஒரு பெரும் வேதிவினை என்றே எண்ணக்கூடும். அந்தக் குமிழிகளுக்குள் இருப்பது நீராவி மட்டுமே. ஆவியாக்கிகளிலிருந்து வரும் ஆவியைக் குளிர்வித்துக் கிடைக்கும் நீரை ஆலையின் கொதிகலனுக்கே திருப்பி ஊட்டுகிறார்கள் என்பது இதற்குப் போதிய சான்று. அந்த நீரில் சர்க்கரை கலந்துவிட்டதா என்றுதான் அவ்வப்போது சோதிக்கிறார்களே ஒழிய, புதிய வாயு ஏதும் உண்டானதா என்று எவரும் தேடுவதில்லை. குமிழியைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்வி, அதற்குள் இருக்கும் பொருள் முன்பே கலவையில் இருந்ததா இல்லையா என்பதே.

வீழ்படிவு ஆலையில் இரண்டு இடங்களில் தோன்றுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பாடநூலின் விதி எங்கே சறுக்குகிறது என்பது தெளிவாகும். கரும்புச் சாறு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது; அதன் பி.எச். மதிப்பு 5-க்கும் 5.5-க்கும் அருகில் இருக்கும். அதில் சுண்ணாம்புப் பாலைச் சேர்த்துச் சூடாக்கினால், சாற்றிலுள்ள பாஸ்பேட்டும் சுண்ணாம்பிலுள்ள கால்சியமும் கூடிக் கால்சியம் பாஸ்பேட்டாகி, அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் சேறாகப் படிகின்றன. முன்பு இல்லாத சேர்மம் ஒன்று உருவாகியிருப்பதால் இது வேதியியல் மாற்றம். அதே சாறு சில மணி நேரம் கழித்து வெற்றிடக் கலத்துக்குள், இயல்பாகக் கரையக்கூடியதைவிட அதிகச் சர்க்கரையைத் தாங்கிய மீதெவிட்டிய பாகாக நிற்கும்போது, நுண்ணிய சர்க்கரைத் துகள்களை விதையாக இட்டதும் திரவத்திலிருந்து திடப்பொருள் பிரிந்து படிகமாக வளரத் தொடங்குகிறது. பார்வைக்கு இதுவும் வீழ்படிவுதான். ஆனால் பிரிந்து வந்தது முன்பே கரைந்திருந்த அதே சுக்ரோஸ். நீர் குறைந்ததால் அவ்வளவு சர்க்கரையையும் கரைசலாக வைத்திருக்க முடியாமல் போயிற்று, அவ்வளவே. 100 கிராம் நீர் 20 டிகிரியில் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். 80 டிகிரியில் 360 கிராமுக்கும் சற்று அதிகமாகக் கரைக்கும். வீட்டில் சூடான கெட்டிப் பாகு ஆறும்போது பாத்திரத்தின் அடியில் கற்கண்டுபோல் படிவதும் இதனால்தான்.

வெப்பத்தைச் சான்றாகக் கொள்வோருக்கு ஆலை இன்னும் கடுமையான பாடம் வைத்திருக்கிறது. சுண்ணாம்புப் பால் தயாரிக்கச் சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றும்போது அது சீறிக்கொண்டு கொதிக்கும்; ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு முழுவதும் நீற்றுச் சுண்ணாம்பாக மாறினால் சுமார் 1,150 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். இது ஐயத்துக்கு இடமற்ற வேதிவினை. சற்றுத் தள்ளி, ஆவியாக்கியின் குழாய்களுக்கு வெளியே நீராவி குளிர்ந்து நீராகிறது. ஒரு கிலோ நீராவி 100 டிகிரியில் நீராக மாறும்போது வெளிப்படும் வெப்பம் சுமார் 2,260 கிலோஜூல், அதாவது முன்னதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. இங்கே ஒரு மூலக்கூறுகூட வேறொன்றாக மாறவில்லை. வெப்பத்தின் அளவு பெரிதென்பதாலேயே அதற்குப் பின்னால் வேதிவினை இருந்தாக வேண்டும் என்ற ஊகம் இந்த ஓர் ஒப்பீட்டிலேயே விழுந்துவிடுகிறது.

நிறத்தைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. பாகு அதிகம் சூடாகிப் பழுப்பதில் வேதிவினை உண்டு. பழுப்புச் சர்க்கரையை அம்மியில் நைத்தால் வெளிறித் தெரிவதிலோ வினை எதுவும் இல்லை. துகள்கள் சிறுத்ததால் அவை ஒளியைச் சிதறடிக்கும் விதம் மாறுகிறது. சுழலும் இயந்திரத்தில் நீர் தெளித்துப் படிகங்களை வெளுக்கச் செய்யும்போதும் மேலே ஒட்டியிருந்த வெல்லப்பாகு நீங்குகிறதே தவிர வேறொன்றும் இல்லை. இதனோடு சேர்த்து மாணவர்கள் கற்கும் இன்னொரு விதி, வேதியியல் மாற்றத்தை மீட்க முடியாது, இயற்பியல் மாற்றத்தை மீட்கலாம் என்பது. இதை எந்தப் பாடநூலிலிருந்தும் நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. உருளைகளுக்கிடையே நசுங்கிச் சக்கையாகிய கரும்பை எவராலும் மீண்டும் கரும்பாக்க முடியாது. நசுக்குதலோ இயற்பியல் மாற்றம். மறுபுறம், ஆரத்திக்காக மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் வரும் சிவப்பு ஒரு வேதிவினையின் விளைவு; அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மஞ்சள் நிறம் திரும்பிவிடுகிறது.

இனி எந்த அடையாளமும் காட்டாத அந்த மாற்றம். வெட்டிய கரும்பு ஆலைக்கு வராமல் நெடுநேரம் கிடந்தாலும், அமிலத்தன்மை நீங்காத சாறு சூட்டில் அதிக நேரம் நின்றாலும், சுக்ரோஸ் மூலக்கூறு ஒரு நீர் மூலக்கூறை ஏற்றுக்கொண்டு இரண்டாக உடைகிறது:

C12H22O11 + H2O → C6H12O6 + C6H12O6

வலப்பக்கம் உள்ள இரண்டும் ஒரே வாய்பாட்டைக் கொண்டிருந்தாலும் ஒன்று குளுக்கோஸ், மற்றது ஃப்ரக்டோஸ். இதில் குமிழி இல்லை, வீழ்படிவு இல்லை, நிற மாற்றம் இல்லை. கையால் உணரத்தக்க வெப்பமும் இல்லை. கரைசல் முன்போலவே தெளிவாகவும் இனிப்பாகவும் இருக்கும். ஆனால் உடைந்துபோன சுக்ரோஸ் படிகமாகத் திரும்பி வராமல் வெல்லப்பாகோடு போய்விடுவதால், ஆலைக்கு இது நேரடி இழப்பு. சாற்றின் பி.எச். மதிப்பைச் சுண்ணாம்பு சேர்த்து 7-க்கு அருகில் கொண்டுவருவதற்கு அழுக்கை நீக்குவது மட்டும் காரணமன்று. அமில நிலையில் நடக்கும் இந்த உடைவைத் தடுப்பதும் அதன் நோக்கம். அளவு மீறிச் சுண்ணாம்பு சேர்ந்தால் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சிதைந்து சாறு கறுக்கும் என்பதால் மேலேயும் ஒரு வரம்பு உண்டு.

கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கண்டறிவது? ஒரே தளத்தில் மட்டும் அதிரும் தளமுனைவுற்ற ஒளியைச் சுக்ரோஸ் கரைசலின் வழியே செலுத்தினால் அதன் தளம் வலப்புறமாகத் திரும்பும். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சுக்ரோஸ் உள்ள கரைசலை 20 சென்டிமீட்டர் நீளக் குழாயில் வைத்தால், இந்தத் திருப்பத்தை அளக்கும் கருவியான போலாரிமீட்டர் ஏறத்தாழ 13.3 டிகிரி வலத்திருப்பத்தைக் காட்டும். குளுக்கோஸும் ஒளியை வலப்புறமே திருப்புகிறது. ஃப்ரக்டோஸோ அதைவிட வலுவாக இடப்புறம் திருப்புகிறது. ஆகவே சுக்ரோஸ் முழுவதும் உடைந்து முடிந்தபின் அதே குழாய் சுமார் 4 டிகிரி இடத்திருப்பத்தைக் காட்டும். 1850-இல் ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி, அமிலம் சேர்த்த சர்க்கரைக் கரைசலில் இந்தத் திருப்பம் நேரத்தோடு மாறுவதை அளந்து, உடையும் வேகம் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் காட்டினார். வேதிவினையின் வேகத்தை எண்களில் பிடித்த முதல் ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

இந்த அளவீட்டையும் கவனமின்றிப் படித்தால் அதே தவறு நேரும். வலத்திருப்பம் 13 டிகிரியிலிருந்து 9-ஆகக் குறைந்தது என்பது மட்டும் எதையும் நிறுவாது. யாராவது நீர் ஊற்றியிருந்தாலும் அது குறையும். ஆனால் நீர் எவ்வளவு சேர்ந்தாலும் திருப்பம் சுழியை நெருங்குமே தவிர, இடப்பக்கம் தாண்டாது. வெளியிலிருந்து ஏதும் சேராத மூடிய குழாயில் திருப்பம் இடப்பக்கம் சென்றால், அங்கே புதிய பொருள் உண்டாகிவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

போலாரிமீட்டர் இல்லாத பள்ளியில், சிலவகைச் சர்க்கரைகளைக் கண்டறிய உதவும் நீல நிறப் பெனிடிக்ட் கரைசல் போதும். இரண்டு சோதனைக் குழாய்களில் சம அளவு வெள்ளைச் சர்க்கரைக் கரைசலை எடுத்து, ஒன்றில் மட்டும் சில துளிகள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, இரண்டையும் கொதிநீரில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். ஆறியபின் அமிலம் உள்ள குழாயில் குமிழி அடங்கும்வரை சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பெனிடிக்ட் கரைசல் வேலை செய்வதற்குக் காரத்தன்மை தேவை. இங்கே எழும் குமிழி அமிலமும் சோடாவும் வினைபுரிந்து வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு. சர்க்கரை உடைந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை, என்றாலும் அறிக்கையில் பலர் இதையே சான்றாக எழுதுகிறார்கள். பின்பு இரு குழாய்களிலும் பெனிடிக்ட் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால், அமிலம் இட்டது செங்கல் நிறமாகும்; மற்றது நீலமாகவே நிற்கும். சுக்ரோஸ் அந்தக் கரைசலோடு வினைபுரிவதில்லை, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் வினைபுரியும் என்பதால், இங்கே நிற மாற்றம் குறிப்பிட்ட பொருள்களின் இருப்பைக் காட்டுகிறது.

நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் கரும்பழுப்பு மஸ்கோவாடோ சர்க்கரையை இந்தச் சோதனைக்கு எடுத்தால் இரண்டு குழாய்களுமே சிவக்கும். அதில் ஒட்டியிருக்கும் வெல்லப்பாகில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஏற்கெனவே இருக்கின்றன. அமிலம் விடாத குழாயும் பக்கத்தில் இருந்தால்தான், அந்தச் சிவப்பு இப்போது நடந்த உடைவால் வந்ததா, முன்பே இருந்த சர்க்கரைகளால் வந்ததா என்பது தெரியவரும்.