"இல்ல"க்கு முன்னாடி இருக்குற அந்த ஒரு செகண்ட வெட்டாதீங்க

கேமரா முன்னாடி உக்காந்து பேசுற வீடியோக்கள எடிட் பண்றது தான் எனக்கு வேலை. டாக்டர், ஆடிட்டர், வக்கீல்னு நிறைய பேர் இப்ப சொந்தமா சேனல் வெச்சிருக்காங்க, அவங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கம்ப்ளைண்ட் என்னன்னா, "எடிட் பண்ணி வந்தத பாத்தா நானே பேசுன மாதிரி இல்லைங்க, ஏதோ ரோபோ பேசுது". திறந்து பாத்தா முக்கால்வாசி ஒரே கதை தான், சைலன்ஸ் ரிமூவர்ல போட்டு எல்லா இடைவெளியையும் ஒரே அளவுக்கு நறுக்கி வெச்சிருப்பாங்க. ரோபோ மாதிரி கேக்குறதாவது பரவால்ல, சில நேரம் சொன்னதோட அர்த்தமே மாறிடுது, அது தான் பிரச்சனை.

சமீபத்துல வந்த ஒண்ணையே சொல்றேன். ஒரு வக்கீல், பேங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போடுறத பத்தி பேசுறாரு. அவர் ரெக்கார்டிங்ல பேசுனது இது தான்:

"இப்ப... வந்து... ஆ... நீங்க ஒரு ஃப்ரெண்டுக்குவந்து ஜாமீன் கையெழுத்து போடுறீங்க. (ரெண்டு செகண்ட் கேப்) அவர் கட்டல. (மறுபடி ரெண்டு செகண்ட்) அதாவது... ம்ம்... பேங்க் முதல்ல அவர்கிட்ட தான போகணும்? (ஒன்றரை செகண்ட்) இல்ல. (ஒரு செகண்ட்) பேங்க் நேரா உங்ககிட்டயே வரலாம்."

சட்டப்படி அவர் சொன்னது சரி. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128 படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா ஜாமீன் போட்டவரோட பொறுப்பும் கடன் வாங்குனவரோட பொறுப்பும் ஒரே அளவு தான். ஆனா ஆட்டோ கட் பண்ண வெர்ஷன்ல எல்லா கேப்பும் அஞ்சு ஃப்ரேமா சுருங்கிடுச்சு, இப்ப காதுல விழறது "பேங்க் முதல்ல அவர்கிட்ட தான போகணும் இல்ல". அதாவது "ஆமாம்ல, அவர்கிட்ட தான போகணும்"னு நம்மகிட்ட ஒத்துக்க சொல்ற மாதிரி! அவர் மறுத்து சொன்ன விஷயம் ஆமோதிச்ச மாதிரி ஆயிடுச்சு. அடுத்த வரி அத சரி பண்ணும்னு நீங்க சொல்லலாம், ஆனா ஃபோன்ல பாதி கவனத்தோட கேக்குறவருக்கு முதல்ல பதிஞ்சது தான் நிக்கும்.

நம்ம பேச்சுல "இல்ல", "கிடையாது", "தான", "ல" எல்லாம் வாக்கியத்தோட கடைசில வந்து ஒட்டுது. அது முன்னாடி வரிக்கு வாலா, இல்ல தனி பதிலான்னு காட்டுறது குரலோட ஏத்த இறக்கமும் நடுவுல இருக்குற மௌனமும் மட்டும் தான். அதனால ஒரு கேப்ப பாத்தா எத்தனை செகண்ட்னு நான் முதல்ல பாக்குறதில்ல, அது என்ன வேலை செய்யுதுன்னு தான் பாப்பேன். பேசுறவர் அடுத்த வார்த்தைய தேடுறாரா, இல்ல கேக்குறவர் யோசிக்கட்டும்னு விடுறாரா? தேடுற மௌனம் போகலாம். விடுற மௌனம் இருக்கணும்.

மேல இருக்குற துண்ட நான் எப்படி வெட்டுனேன்னா (25 ஃப்ரேம் வீடியோ, ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட்): "இப்ப"க்கு அப்புறம் இருந்த "வந்து ஆ" மொத்தமா போச்சு, ரெண்டு பக்கமும் இடைவெளி இருந்ததால தடம் தெரியல. "ஃப்ரெண்டுக்குவந்து"ல இருக்குற வந்து அப்படியே இருக்கு, அது முன்னாடி வார்த்தையோட ஒட்டிக்கிட்டே வந்துச்சு, வெட்டுனா குரல் ஒரு படி எகிறி விழும். "போடுறீங்க"க்கு அப்புறம் 12 ஃப்ரேம். "அவர் கட்டல"க்கு அப்புறம் ஒரு செகண்ட், ஏன்னா அங்க தான் பாக்குறவருக்கு வயித்துல புளி கரையணும். "அதாவது ம்ம்" எதையும் விளக்கல, அதனால போயிடுச்சு. கேள்விக்கு அப்புறம் ஒரு செகண்ட் விட்டேன், "இல்ல"க்கு அப்புறம் இருந்த கேப்ப தொடவே இல்ல. மொத்தத்துல அஞ்சாறு செகண்ட் குறைஞ்சிருக்கும், அவ்ளோ தான், ஆனா அவர் பேச்சு அவர் பேச்சாவே இருக்கு.

ஃபில்லர் வார்த்தைக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு. வேவ்ஃபார்ம்ல ரெண்டு பக்கமும் தட்டையா கோடு இருந்தா தாராளமா எடுங்க, ஒட்டிக்கிட்டு இருந்தா விட்டுடுங்க. டிரான்ஸ்கிரிப்ட்ல "வந்து"ன்னு தேடி மொத்தமா டெலிட் பண்ற பழக்கம் மட்டும் வேண்டாம், "அவர் வந்து சொன்னாரு"ங்கறதுல அவர் நேர்ல வந்தாரா இல்ல அது சும்மா இழுவையான்னு எழுத்துல தெரியாது, கேட்டா தான் தெரியும். "பாத்தீங்கன்னா" இன்னொரு கேஸ். சில பேர் வரிக்கு வரி சொல்வாங்க, எரிச்சலா தான் இருக்கும், ஆனா எல்லாத்தையும் எடுத்துட்டா ஒவ்வொரு வரியும் திடுதிப்னு ஒரே சுருதில ஆரம்பிக்கும், ரோபோ ஃபீல் பாதி வர்றதே இதனால தான்! புது விஷயத்துக்கு தாவுற இடத்துல வர்றத வெச்சுக்கிட்டு மத்தத எடுப்பேன்.

மூச்சு சத்தத்தையும் சொல்லிடறேன். பாதி மூச்சுல வெட்டுனா விக்கல் மாதிரி கேக்கும். மூச்ச முழுசா விட்டுட்டு அதுக்கு முன்னாடி இருக்குற வெறும் மௌனத்த குறைங்க, சத்தம் ஜாஸ்தியா இருந்தா அந்த இடத்துல மட்டும் 6லருந்து 10 டெசிபல் இறக்குங்க. மூச்சே இல்லாம ஒருத்தர் அஞ்சு நிமிஷம் பேசுனா கேக்குற நமக்கு தான் மூச்சு முட்டும்.

டைம் இல்ல, ஆட்டோ கட் தான் பண்ணியாகணும்னா செட்டிங்கையாவது மாத்துங்க. குறைஞ்சபட்ச மௌனம்னு கேக்குற இடத்துல அரை செகண்ட் குடுங்க. பத்து, பாட்டு, கட்டு இதுலல்லாம் ரெண்டு மெய் சேர்ற இடத்துல நாக்கு அடைச்சு காத்து நிக்குது இல்லையா, அது நிஜமாவே மௌனம், செகண்டுல பத்துல ஒரு பங்கு, அழுத்தி பேசுறவங்களுக்கு அதுக்கு மேலயும் இருக்கும். லிமிட்ட ரொம்ப கம்மியா வெச்சா டூல் அதையும் கேப்னு நெனச்சு கடிச்சிடும், "பாட்டு" கிட்டத்தட்ட "பாடு" ஆயிடும். அடுத்து பேடிங், வார்த்தைக்கு முன்னாடி மூணு ஃப்ரேம் போதும், பின்னாடி அஞ்சாறு ஃப்ரேம் விடுங்க. "போகணும்", "வரலாம்" இதோட கடைசி "ம்" மூக்குல மெல்ல கரையுற சத்தம், வால்யூம் லிமிட்டுக்கு கீழ போயிடும், பேடிங் இல்லன்னா "போகணு", "வரலா"ன்னு மொட்டையா நிக்கும். எடிட் சரியில்லன்னு கண்டுபிடிக்க நான் முதல்ல கேக்குறதே இந்த கடைசி "ம்" தான்.

வெட்டுன ஒவ்வொரு இடத்துலயும் ஆடியோவுக்கு ஒரு ஃப்ரேம் கிராஸ்ஃபேட், அதோட யாரும் பேசாதப்ப ரூம்ல இருக்குற ஃபேன் ஏசி சத்தத்த அரை நிமிஷம் தனியா ரெக்கார்ட் பண்ணி அடியில ஓட விடுங்க, இல்லன்னா கட் கட்டா பின்னணி விட்டு விட்டு வரும். படத்துல வர்ற ஜம்ப் கட்ட 110 சதவீத ஜூம் போட்டு சமாளிச்சுக்கலாம், அது பெரிய விஷயமில்ல.

முடிச்சதும் ஸ்கிரீன பாக்காம, ஹெட்ஃபோன் இல்லாம, ஃபோன் ஸ்பீக்கர்ல ஒரு தடவ நார்மல் ஸ்பீட்ல கேளுங்க. எடிட் பண்ற நமக்கு அடுத்த வார்த்தை என்னன்னு முன்னாடியே தெரியும், அதனால எந்த கேப்பும் நீளமா தான் தோணும். முடிஞ்சா வீடியோவ பாக்காத ஒருத்தர்கிட்ட அந்த "இல்ல" வர்ற இடத்த மட்டும் போட்டு காட்டி "பேங்க் யார்கிட்ட போகலாம்னு சொல்றாரு?"ன்னு கேளுங்க. "ஃப்ரெண்டுகிட்ட தான்"னு பதில் வந்தா அந்த கேப்ல இன்னும் அஞ்சு ஃப்ரேம் சேத்துடுங்க.