உயரம் மட்டும் போதாது, தம்பி

போன வாரம் இன்னொரு பள்ளி. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், 350 கிலோமீட்டர் மேல போயிட்டா ஈர்ப்பே கிடையாதே. சாட்டிலைட்டை அங்க விட்டா அதுபாட்டுக்கு மிதக்காதா?" என்றான். சுற்றுப்பாதைக் கணக்குப் போட்டே தலை நரைத்தவன் நான். இந்தக் கேள்வி எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பையன் மேல் கோபமில்லை. 'விண்ணைத் தொட்டது' என்று தலைப்புப் போடுகிறவர்கள் மேல்தான்.

350 கி.மீ. உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி உச்சியில் நின்றால், தரையில் 50 கிலோ காட்டிய எடைமேடை அங்கே 45 கிலோ காட்டும். பத்தில் ஒன்பது பங்கு ஈர்ப்பு அப்படியே இருக்கிறது! அங்கே கையில் உள்ளதை விட்டால் மிதக்காது, விழும். செயற்கைக்கோளும் ஓயாமல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கவாட்டில் நொடிக்கு 7.7 கி.மீ. ஓடுவதால், விழ விழ பூமி வளைந்து கீழே விலகிப்போகிறது. வீரர்கள் மிதப்பதும் கலத்தோடு சேர்ந்து விழுவதால்தான். ஜெர்மனியின் வி-2 ராக்கெட் 1944-லேயே 170 கி.மீ.க்கு மேல் ஏறி, திரும்பி விழுந்தது. ஸ்புட்னிக் சுற்றிவர 1957 ஆனது. அந்த 13 வருடமும் இந்த ஓட்டத்தை எட்டத்தான்.

நம்பாவிட்டால் 2022 ஆகஸ்ட் 7-ஐப் பாருங்கள். இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி-யின் முதல் பயணம். அரசுப் பள்ளி மாணவிகள் செய்த ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோளும் அதில் இருந்தது. இரண்டாம் கட்டம் பிரியும்போது எழுந்த அதிர்வில், வேகமாற்றத்தை அளக்கும் உணரிகளான முடுக்கமானிகளின் அளவீடு கணநேரம் எல்லை தாண்டியது. உணரிகள் பழுது என்று கணினி முடிவுகட்டி, அவற்றைப் பார்க்காமலே ராக்கெட்டை ஓட்டியது. (உணரிகள் நன்றாகத்தான் இருந்தன. எங்கள் தொழிலில் வயிற்றெரிச்சல் இதுதான்.) வேகத்தை நுணுக்கிச் சரிசெய்ய வேண்டிய கடைசித் திரவக் கட்டத்தின் வேலை நடக்கவில்லை.

உயரம் 356 கி.மீ. சரியாகவே கிடைத்தது. ஆனால் வட்டத்துக்குப் பதில் 356-க்கு 76 கி.மீ. என்ற நீள்வட்டம். கணக்குப் போட்டால் வேகத்தில் ஏற்பட்ட குறைவு நொடிக்குச் சுமார் 80 மீட்டர், நூற்றில் ஒரு பங்கு. அதனால் பாதையின் மறுமுனை 280 கி.மீ. கீழே இறங்கிவிட்டது. 76 கி.மீ.யில் காற்று இருக்கிறது. ஒரு சுற்றுகூட அங்கே தாக்குப்பிடிக்க முடியாது. செயற்கைக்கோள்கள் போயின.

ஆகவே செய்தியில் ஒரே ஒரு உயரம் போட்டிருந்தால் நம்பி நிறுத்தாதீர்கள். பூமிக்கு மிக அருகே எவ்வளவு, மிகத் தொலைவே எவ்வளவு என்று இரண்டையும் தேடுங்கள். சிறிய எண் 150-க்குக் கீழே என்றால் கைதட்டாதீர்கள். நேரலையில் உயரத்தையே வெறித்துப் பார்க்காமல், பக்கத்தில் ஓடும் வேகத்தையும் கவனியுங்கள். ஆசிரியர்களே, 'ஈர்ப்பற்ற வெளி' என்று கரும்பலகையில் எழுதாதீர்கள், தயவுசெய்து.

கோளாறைச் சரிசெய்து 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்எஸ்எல்வி கிளம்பியது. ஆசாதிசாட்-2 அதில் ஏறி, 450 கி.மீ. வட்டப்பாதையில் சேர்ந்தது.