மூன்று கணினிகளின் விடைகள் ஒரே பட்டியலாவது எப்படி?

திருகோணமலை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய மூன்று மாவட்டங்களின் கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், ஊர் வரலாற்றுக் கட்டுரைகள் எல்லாம் தேடக்கூடிய வடிவில் கணினியில் ஏறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாவட்டத்துக்கு 10,000 ஆவணங்கள். (உண்மையில் இவ்வளவும் ஒரே கணினிக்குள் அடங்கிவிடும். கணக்குப் பார்க்க வசதியாகச் சிறிய எண்ணை எடுத்திருக்கிறேன்.) மாவட்டத்துக்கு ஒரு கணினி என்று பிரிப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ‘கன்னியா’ என்று தேடிப் பார்த்தால் நம்மூர்த் திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றைப் பற்றிய விரிவான கட்டுரை பின்னால் போய், அதைப் போகிற போக்கில் ஒருமுறை குறிப்பிட்ட யாழ்ப்பாணப் பயணக் கட்டுரை முன்னால் வந்து நிற்கும்.

தேடல் சுட்டி என்பது ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் ஆவணங்களின் எண்களை எழுதி வைத்த பட்டியல். சுட்டியைத் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் தன் ஆவணங்களுக்கு மட்டும் இப்படியொரு முழுச் சுட்டியை வைத்திருக்கும். அதனால் எந்தத் தேடலும் எல்லாத் துண்டுகளுக்கும் போகவேண்டும். கேள்வியை வாங்கும் கணினி அதை மூன்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறது. ஒவ்வொன்றும் தன் முதல் பத்து ஆவணங்களின் எண்ணையும், அவை தேடலுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் புள்ளியையும் மட்டும் திருப்பி அனுப்புகிறது. வந்த முப்பதையும் புள்ளிப்படி வரிசையாக்கி, முதல் பத்தின் உள்ளடக்கத்தை மட்டும் இரண்டாவது சுற்றில் கேட்டு வாங்குகிறார்கள். பத்தும் ஒரே துண்டில் இருக்கக்கூடும் என்பதால்தான் ஒவ்வொன்றிடமும் பத்துக் கேட்கவேண்டியிருக்கிறது. நூறாவது பக்கம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் ஆயிரம் அனுப்பவேண்டும்.

இந்தச் சேர்ப்பு சரியாக வரவேண்டுமானால் மூன்று கணினிகளும் ஒரே அளவுகோலால் புள்ளி போட்டிருக்கவேண்டும். அங்கேதான் சிக்கல். இன்று பரவலாகப் பயன்படும் BM25 முறையில், அரிதான சொல்லுக்கு மதிப்பு அதிகம்:

```
idf = ln(1 + (N - n + 0.5) / (n + 0.5))
```

N மொத்த ஆவணங்கள், n அந்தச் சொல் வரும் ஆவணங்கள். திருகோணமலைத் துண்டில் ‘கன்னியா’ 2,000 ஆவணங்களில் வருகிறதென்றால் அதன் மதிப்பு 1.61. யாழ்ப்பாணத் துண்டில் 20 ஆவணங்களில் மட்டும் வந்தால் 6.19. இதை, ஆவணத்துக்குள் சொல் எத்தனை முறை வருகிறது என்பதற்கான எண்ணால் பெருக்குவார்கள். சராசரி நீளமுள்ள ஆவணத்தில் 30 முறை வந்தால் அந்த எண் 0.96, ஒரே முறை வந்தால் 0.45. ஆகவே நம்மூர்க் கட்டுரைக்கு 1.55, யாழ்ப்பாணக் கட்டுரைக்கு 2.81.

மட்டக்களப்பில் 30 ஆவணங்களில் வருவதாக எடுத்து மூன்றையும் சேர்த்து எண்ணினால், 30,000 ஆவணங்களில் 2,050 என்றாகும். இப்போது எல்லாருக்கும் பொதுவான மதிப்பு 2.68. நம்மூர்க் கட்டுரை 2.58, மற்றது 1.22. வரிசை நேராகிவிட்டது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் `dfs_query_then_fetch` என்று கேட்பது. முதலில் எல்லாத் துண்டுகளிடமும் எண்ணிக்கையைத் திரட்டி, பிறகுதான் புள்ளி போடும். ஒரு சுற்று கூடுதலாக ஓடவேண்டும். மற்றது, மாவட்டம் பார்க்காமல் ஆவண எண்ணை ஹாஷ் செய்து, அதாவது ஒழுங்கற்றதாகத் தோன்றும் வேறோர் எண்ணாக மாற்றி, அதைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்த மீதியைக் கொண்டு இடம் ஒதுக்குவது. அப்போது திருகோணமலை ஆவணங்கள் மூன்றிலும் கலந்து விழும், எண்ணிக்கைகளும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். எலாஸ்டிக்சர்ச் இயல்பாகவே இப்படித்தான் செய்கிறது. நானும் இதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் துண்டுகளின் எண்ணிக்கையை மாற்றினால் மீதியும் மாறி, ஏற்கெனவே உள்ள ஆவணங்களுக்கான இடமும் மாறிவிடும். அதனால் எத்தனை துண்டு என்பதைத் தொடக்கத்திலேயே யோசித்து முடிவுசெய்யவேண்டும்.

ஒரு கணினி விழுந்தாலும் தேடல் நிற்காமலிருக்க, ஒவ்வொரு துண்டுக்கும் வேறொரு கணினியில் ஒரு பிரதி வைக்கிறார்கள். தேடல்களையும் இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். இங்கேயும் அதே அளவுகோல் பிரச்சினை சின்னதாகத் தலைகாட்டும். நீக்கிய ஆவணம் உடனே அழிவதில்லை. நீக்கப்பட்டதாகக் குறி மட்டும் விழும். பின்னால் நடக்கும் துப்புரவு வரை அது எண்ணிக்கையில் இருக்கும். இந்தத் துப்புரவு மூலத்திலும் பிரதியிலும் வெவ்வேறு நேரத்தில் நடப்பதால் புள்ளிகள் சற்று விலகும். பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இரண்டு முடிவுகள் இடம் மாறி மாறி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரு பயனரின் தேடல்களை `preference` மூலம் எப்போதும் ஒரே பிரதிக்கு அனுப்பினால் ஆட்டம் நின்றுவிடும்.

மூலமும் பிரதியும் சேர்ந்து விழுந்தால் எலாஸ்டிக்சர்ச் இயல்பாகப் பிழை காட்டுவதில்லை. மிச்சத் துண்டுகளிலிருந்து கிடைத்ததைப் பட்டியலாகத் தந்துவிடும். விடையின் ஓரத்தில் மட்டும் இப்படி இருக்கும்:

```
"_shards": { "total": 3, "successful": 2, "skipped": 0, "failed": 1 }
```

தன் ஊரின் பெயரைத் தேடியவருக்கு அப்போது ஒன்றும் வராவிட்டால், தன் ஊரைப் பற்றி எவரும் எழுதவில்லை என்றே நினைத்துக்கொள்வார். அதனால் `failed` பூச்சியமா என்று ஒவ்வொரு விடையிலும் பார்த்து, இல்லையென்றால் ஆவணங்களில் ஒரு பகுதி இப்போது தேடப்படவில்லை என்பதைப் பட்டியலுக்கு மேலேயே தமிழில் எழுதிக் காட்டவேண்டும்.