தீம்: கருப்பொருளா, உரிப்பொருளா?

நேர்காணல் ஆய்வில், பலர் சொன்னதைச் சேர்த்துப் படித்து ஆய்வாளர் எட்டும் கருத்தை 'தீம்' என்கிறோம். இதற்குத் தமிழில் பெரும்பாலும் 'கருப்பொருள்' என்று எழுதுகிறோம். இந்தச் சொல்லே மாணவர்களைத் தடம் மாற்றிவிடுகிறதோ என்று எனக்குக் கவலை.

தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் என ஒரு நிலத்தில் காணக் கிடைப்பவை. அங்கே வாழ்பவரின் மனநிலையான பிரிதல், இருத்தல், இரங்கல் போன்றவை உரிப்பொருள். தீம் என்பது இந்த இரண்டாவதற்குத்தான் நெருக்கம்.

டெலிவரி வேலை செய்யும் பத்துப் பன்னிரண்டு பேரிடம் பேசும் ஒரு சிறு ஆய்வை எடுத்துக்கொள்வோம். வருமானம், ரேட்டிங், காத்திருப்பு என்று தலைப்பு வாரியாகக் கேட்டால், கடைசியில் அதே மூன்றும் 'கருப்பொருள்கள்' ஆகிவிடும். அவை நாம் கேட்டவை, அவர்கள் சொன்னதிலிருந்து கண்டவை அல்ல. கேள்விப் பட்டியலும் தீம் பட்டியலும் ஒன்றுபோல இருந்தால் இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அதனால் "காத்திருப்பது கஷ்டமா?" என்று கேட்காமல், "நேற்று முதல் ஆர்டர் வந்ததிலிருந்து வீடு திரும்பியது வரை நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்பது நல்லது. அப்புறம், "அந்த இடத்தில் என்ன யோசித்தீர்கள்?" என்று தொடரலாம். ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: "கடை வாசல்ல அரை மணி நேரம். விட்டுட்டுப் போனா ரேட்டிங் போகும், நின்னா அடுத்த ஆர்டர் போகும்." இதன் அருகே 'கூலியில்லாத காத்திருப்பு', 'எப்படியும் நஷ்டம்' என்று இரண்டு குறிகள் இடலாம். இதுதான் கோடிங். மென்பொருள் எழுதுவதோடு இதற்குத் தொடர்பில்லை என்பதால் 'நிரலாக்கம்' பொருந்தாது. 'குறியிடல்' போதும்.

இன்னொருவர், "நேரம் நம்மதுதான். ஆனா சாப்பிடும்போதும் போன் தட்டு பக்கத்துலதான்" என்கிறார். குறி: 'ஓய்விலும் காவல்'. இந்தக் குறிகளைச் சேர்த்துப் பார்த்தால், 'நேரம் என்னுடையது என்கிறார்கள், ஆனால் அதை ஆப்பிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்' என்று ஒரு வாக்கியம் கிடைக்கிறது. இதுவே தீம். 'காத்திருப்பு' என்ற ஒற்றைச் சொல் எதையும் வாதிடுவதில்லை, இந்த வாக்கியம் வாதிடுகிறது. ஆனால் நேரம் தன் கையில்தான் இருக்கிறது என்று உண்மையாகவே காட்டுபவர் ஒருவர் இருந்தால், அவரை ஒதுக்காமல் வாக்கியத்தைத் திருத்த வேண்டும்.

தீம் என்பதன் மூலமான கிரேக்க 'தேமா'வுக்கு 'வைக்கப்பட்டது' என்று பொருள். பேச்சுப் பதிவிலிருந்து அது தானாக முளைப்பதில்லை, ஆய்வாளர் படித்து, யோசித்து வைப்பது. தமிழில் நான் 'மையக்கருத்து' என்றே எழுதுகிறேன். உரிப்பொருள் என்றால் வாசகர் அகத்திணைக்குப் போய்விடுவார். கருப்பொருளை ஆர்டர், போன், வண்டி, ரேட்டிங் ஆகியவற்றுக்கே விட்டுவிடலாம்.