ஒற்றை வாலும் ஒற்றைத் தலையும்

பாளையங்கோட்டையில் நான் டிடிபி வேலை பார்க்கும் கடைக்கு, கும்பாபிஷேக மலர் அச்சிட ஒரு கோயில் கமிட்டிக்காரர் வந்திருந்தார். அவர் கொண்டுவந்த வேர்டு கோப்பைத் திறந்து பத்தி அமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் `Widow/Orphan control` என்ற வரியை அவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அண்ணாச்சி, சாமி பொஸ்தகத்துல விதவை, அனாதைன்னு இது என்னத்துக்கு?" என்றார். அது அச்சுத் தொழிலில் ஒரு பேச்சு, வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். சரி, தமிழில் அதற்கு என்ன பேச்சு என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் மேலே போய்த் தனியாக நின்றால் அது விடோ. ஒரு பத்தியின் முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் நின்று, மிச்சம் எல்லாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால் அது ஆர்ஃபன். விடோவுக்குக் கடந்தகாலம் உண்டு, எதிர்காலம் இல்லை. ஆர்ஃபனுக்கு எதிர்காலம் உண்டு, கடந்தகாலம் இல்லை என்று இங்கிலீஷ்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். அப்படியும் குழப்பம் தீரவில்லை. பத்தியின் கடைசி வரியில் ஒரே ஒரு சொல் தொங்கினால் அதையும் சிலர் விடோ என்கிறார்கள், சிலர் ஆர்ஃபன் என்கிறார்கள். ஜெர்மன் அச்சுக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், விடோவை ‘விலைமகள் பிள்ளை’ என்றும் ஆர்ஃபனைச் ‘செருப்புத் தைப்பவரிடம் வேலை பார்க்கும் பையன்’ என்றும் சொல்லிவந்தார்கள். முதலாவதற்கு எங்கிருந்து வந்தோம் என்று தெரியாது, இரண்டாவதற்கு எங்கே போகிறோம் என்று தெரியாது என்பது அவர்கள் கணக்கு. ஊருக்கு ஊர் அச்சுக்கூடத்துக் கேலி இப்படித்தான் இருந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விடோ என்ற இங்கிலீஷ் சொல்லும், வடமொழியிலிருந்து நமக்கு வந்த விதவை என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்த ஒன்றுவிட்ட அக்கா தங்கைகள். பிரிந்து போதல் என்பது அந்த வேரின் பொருள். அனாதை என்பதும் வடமொழிதான். காப்பவர் இல்லாதவர் என்று பொருள். ஆகவே ‘விதவை வரி’, ‘அனாதை வரி’ என்று பெயர்க்கிறவர்கள் சொல்லளவில் தப்புச் செய்யவில்லை. ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. மனிதர்களின் துக்கத்தைத் தாளில் ஒதுங்கிய ஒரு வரிக்குச் சூட்டவேண்டியதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பெயரைக் கேட்டு எந்த வரி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கைம்பெண் வரி என்று தமிழாக்கினாலும் அந்தக் குறை தீராது.

வரி நிற்கும் இடத்தைப் பார்க்காமல், அது பத்தியின் எந்த உறுப்பு என்று பார்த்தால் பெயர் தானாக வருகிறது. பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்பது பத்தியின் வால். பக்கத்தின் அடியில் தனியாக நிற்பது பத்தியின் தலை. அதனால் விடோவை ஒற்றை வால் என்றும், ஆர்ஃபனை ஒற்றைத் தலை என்றும் நான் சொல்லிவருகிறேன். கடைப் பையன்கள் வாயில் அது ‘ஒத்தை வால்’, ‘ஒத்தைத் தலை’ ஆகிவிட்டது. இன்டிசைன் மென்பொருளிலும் இதே நோக்குத்தான் இருக்கிறது. அதன் `Keep Options` பெட்டியில் விதவையும் கிடையாது, அனாதையும் கிடையாது. `At Start/End of Paragraph` என்று கேட்டு, பத்தியின் தொடக்கத்தில் எத்தனை வரி, முடிவில் எத்தனை வரி சேர்ந்திருக்கவேண்டும் என்று எண் மட்டும் வாங்கிக்கொள்கிறது. இரண்டிலும் 2 கொடுத்தால் போதும்.

அப்புறம் ஜஸ்டிஃபை. இதன் மூலப்பொருள் சரியாக்குவது. ஈயம் அடுக்கிய காலத்தில் ஒரு வரி அச்சுச்சட்டத்தில் ஆடாமல் அசையாமல் இறுகி நிற்கவேண்டும், இல்லாவிட்டால் எழுத்து உதிர்ந்துவிடும். அதற்காகச் சொற்களுக்கு நடுவே சிறு சிறு ஈயத் துண்டுகளைச் செருகி வரியை அளவுக்குக் கொண்டுவருவார்கள். அதைத்தான் ஜஸ்டிஃபை என்றார்கள். தமிழில் நிரவுதல் என்ற நல்ல சொல் இருக்கிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு வயலை நிரவுகிறோம் அல்லவா, அதேபோல வரியில் மிஞ்சிய இடத்தை எல்லா இடைவெளிக்கும் பங்கிட்டு இரண்டு ஓரத்தையும் சமமாக்குவது. இருபுற நிரவல் என்றால் யாருக்கும் புரியும். நிரவல் சரியில்லாமல் இடைவெளிகள் அகன்று, அடுத்தடுத்த வரிகளில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக விழுந்து வெள்ளைக் கோடாக ஓடினால் அதற்கு இங்கிலீஷில் ரிவர், அதாவது ஆறு என்று பெயர். தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு ஆறு என்பதைக் குறைக்குப் பெயராக வைக்க மனம் வரவில்லை. ஓடை என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல் இவ்வளவுதான். வால், தலை, ஓடை என்று மூன்றுக்கும் மூன்று பெயர் இருப்பதால் மூன்றும் தனித்தனிக் குறைகள் என்று தோன்றும். தமிழ்ப் பக்கத்தில் அவை ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை. அந்த மலரையே எடுத்துக்கொள்கிறேன். டெம்மி எட்டில் ஒன்று அளவில் சிறு புத்தகம், 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம், 32 பக்கம். எழுத்து 11 பாயின்ட், வரிக்கு வரி 15 பாயின்ட், பக்கத்துக்கு 34 வரி, வரியின் நீளம் 4.25 அங்குலம், அதாவது 306 பாயின்ட். எங்கள் எழுத்துருவில் ஓர் எழுத்து சராசரியாகப் பத்து பாயின்ட் இடம் பிடித்தது. வரிக்கு நாலைந்து சொற்களுக்கு மேல் கொள்ளாது. இங்கிலீஷ் வரி என்றால் அதே நீளத்தில் பத்துச் சொல் இருக்கும், மிஞ்சிய இடத்தைப் பங்கிட ஒன்பது இடைவெளி கிடைக்கும். நமக்கோ மூன்று, நான்கு.

தலவரலாற்றில் ஒரு வரி. நான்கு சொற்கள் வந்துவிட்டன, அவற்றின் நடுவே மூன்று இடைவெளி, இடைவெளிக்கு 3 பாயின்ட். ஓரத்துக்கு இன்னும் 75 பாயின்ட் பாக்கி. அடுத்த சொல் ‘எழுந்தருளப்பண்ணியதாகக்’. பதினான்கு எழுத்து, சுமார் 140 பாயின்ட். கொள்ளாது. மென்பொருள் அதைத் தூக்கி அடுத்த வரியில் போட்டுவிட்டு, 75 பாயின்ட்டை மூன்று இடைவெளிக்கும் பங்கிட்டது. இடைவெளிக்கு 25 பாயின்ட் கூடி 28 ஆகிவிட்டது. அதாவது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இரண்டெழுத்துச் சொல் ஒன்று உட்காரும் அளவு பள்ளம்.

இங்கேதான் தமிழின் பழைய பழக்கம் கைகொடுக்கிறது. ஓலையில் எழுதியவர்கள் சொல்லுக்கு நடுவே இடமே விட்டதில்லை. ஓலை முடிந்த இடத்தில் சொல்லை நிறுத்தி அடுத்த வரியில் தொடர்ந்தார்கள். ஈய அச்சிலும் சொல்லை உடைத்தார்கள், ஒட்டுக்கோடு போடாமலேயே. ‘எழுந்தருளப்’ என்பதுவரை ஏழு எழுத்து, 70 பாயின்ட். அதற்கு முன்னால் ஓர் இடைவெளி 3. மொத்தம் 73. மிச்சம் 2 பாயின்ட்டை நான்கு இடைவெளிக்குப் பங்கிட்டால் அரை அரை பாயின்ட். கண்ணுக்கே தெரியாது. அடுத்த வரி ‘பண்ணியதாகக்’ என்று தொடங்கும். வாசிக்கவும் தடங்கல் இல்லை.

உடைக்கும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். புள்ளி வைத்த எழுத்து வரியின் முதலில் வரக்கூடாது. ‘எழு’ என்று நிறுத்திவிட்டு அடுத்த வரியை ‘ந்தருள’ என்று தொடங்கினால் மெய்யெழுத்து வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். கொம்பையும் அதன் எழுத்தையும் பிரிக்கக்கூடாது. யூனிகோடில் இது நடக்காது. கொம்பு தனி எழுத்தாக இருக்கும் பழைய எழுத்துருக்களில், கையால் உடைக்கும்போது கொம்பு மட்டும் ஒரு வரியின் ஓரத்தில் தங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழைய கோப்புகளில் இங்கிலீஷ் ஒட்டுப்பிரிப்பை அணைத்துவைப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் சொல்லாக நினைத்து வெட்டிவிடும்.

என்டர் தட்டி உடைக்கவே கூடாது. ஷிஃப்ட் போட்டுத் தட்டுவதும் அதே தப்புத்தான். பிறகு ஒரு திருத்தம் வந்து வரிகள் நகர்ந்தால், உடைந்த சொல் வரியின் நடுவே அரைகுறையாக நிற்கும். இன்டிசைனில் `Type > Insert Break Character > Discretionary Line Break` என்று ஒன்று உண்டு. தேவைப்பட்டால் அங்கே உடையும், இல்லாவிட்டால் இருப்பதே தெரியாது, ஒட்டுக்கோடும் வராது. யூனிகோடில் U+200B என்ற அகலமில்லாத இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். எங்கே உடைப்பது என்று தேட, `Preferences > Composition` பகுதியில் `H&J Violations` என்பதைத் தேர்ந்தால் அகன்ற வரிகள் மஞ்சளில் தெரியும். மஞ்சள் அடர்ந்தால் குறை பெரிது. அச்சுப்படியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பது இன்னும் சுலபம். வாசிக்க முடியாதபோதுதான் கண் எழுத்தை விட்டு ஓடையைப் பார்க்கும்.

இதையெல்லாம் முதலில் செய்யவேண்டும் என்பதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். அந்த மலரில் 15ஆம் பக்கத்தின் உச்சியில் ‘வந்தார்கள்.’ என்ற ஒற்றை வால். இரண்டு வரி சேர்ந்திருக்கவேண்டும் என்று அமைத்ததும் 14ஆம் பக்கத்தின் கடைசி வரியும் கூடவே 15க்குப் போயிற்று. வால் தீர்ந்தது, 14ஆம் பக்கம் 33 வரியில் நின்றது, எதிரே 15ஆம் பக்கம் 34. விரித்துப் பார்த்தால் அடி ஏறுமாறாக இருந்தது. அதைவிட மோசம், அந்த ஒரு வரி ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய் 32ஆம் பக்கத்தின் நன்கொடையாளர் பெயர்களில் கடைசி இரண்டை வெளியே தள்ளிவிட்டது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் 33ஆம் பக்கம் என்று ஒன்று கிடையாது. கூட்டினால் நாலு பக்கம் கூட்டவேண்டும். பெயர்களை நீக்கவும் முடியாது. "காசு குடுத்தவன் பேரு விட்டுப்போச்சுன்னா ஊருக்குள்ள நான் நடமாட முடியுமா?" என்றார் கமிட்டிக்காரர்.

அப்புறம் அமைப்பைத் தொடாமல், முன்பக்கத்திலிருந்து மஞ்சள் வரிகளை ஒவ்வொன்றாகச் சொல் உடைத்துச் சரிசெய்துகொண்டே வந்தேன். 14ஆம் பக்கத்தின் நடுவில் ஒன்பது வரிப் பத்தி ஒன்று; அதன் ஒன்பதாவது வரியில் ‘ஆகும்.’ என்பது மட்டும் இருந்தது. அந்தப் பத்தியில் இரண்டு சொல்லை உடைத்ததுமே பள்ளங்கள் மூடி, ‘ஆகும்’ மேலே ஏறி, பத்தி எட்டு வரியாகிவிட்டது. ஒரு வரி மிச்சமானது. ‘வந்தார்கள்’ 14ஆம் பக்கத்தின் அடிக்கே திரும்பி வந்து பத்தியோடு சேர்ந்தது. நான் வாலைத் தொடவேயில்லை.

சொல் உடைத்து எந்த வரியும் கிடைக்காத இடமும் வரும். அப்போது எதிரெதிர்ப் பக்கம் இரண்டையும் சேர்த்து 33 வரியில் நிறுத்துவேன். இரண்டும் சமமாகக் குறைந்தால் கண் உறுத்தாது. மூன்றே வரியுள்ள பத்திதான் தொல்லை. இரண்டுக்கு இரண்டு என்று அமைத்திருந்தால் அதைப் பிரிக்கவே முடியாது. முழுதாக அடுத்த பக்கத்துக்குத் தாவி, அடியில் ஒன்றிரண்டு வரி வெறுமையாகக் கிடக்கும். அங்கே எழுதியவரிடம் கேட்டு ‘என்று சொல்கிறார்கள்’ என்பதை ‘என்கிறார்கள்’ ஆக்கிக்கொள்வது உண்டு. அன்று 22ஆம் பக்கத்தில் அப்படி ஒன்றைக் கேட்டபோது கமிட்டிக்காரர், "வாலுக்கா, தலைக்கா?" என்றார்.