ஊதும்போது ஒரு பாதை, சுருங்கும்போது வேறு பாதை

உடலிலிருந்து எடுத்த, காற்றே இல்லாமல் சுருங்கிப்போன ஒரு நுரையீரல். அதன் மூச்சுக்குழாயில் ஒரு பெரிய சிரிஞ்சும் அழுத்தமானியும் பொருத்தியிருக்கிறது. காற்றைச் சிறிது சிறிதாகச் செலுத்துகிறோம். அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, நுரையீரலோ அசைய மறுக்கிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருங்கிக் கிடந்த பகுதிகள் விரியத் தொடங்குகின்றன. அதன்பிறகு அழுத்தம் கொஞ்சம் கூடினாலே கொள்ளளவு வேகமாகக் கூடுகிறது. 30 செ.மீ. நீர் உயர அழுத்தம் வரும்போது அது ஏறக்குறைய நிறைந்துவிடும்.

இப்போது காற்றை மெல்லத் திரும்ப எடுங்கள். அழுத்தம் 10 செ.மீ.க்கு இறங்கிய பிறகும் உள்ளே நிறையக் காற்று இருக்கும். ஏறும்போது இதே 10 செ.மீ.யில் மிகக் கொஞ்சம்தான் இருந்தது. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன.

ஏன் இப்படி? 1929இல் ஃபான் நேர்கார்ட் என்பவர் காற்றுக்குப் பதிலாக நுரையீரலைத் திரவத்தால் நிரப்பிப் பார்த்தார். மிகக் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருந்தது. திரவம் நிரப்பிய நுரையீரலில் இந்த வளையமும் கிட்டத்தட்ட மறைந்துவிடும். அப்படியென்றால் வித்தியாசத்தின் பெரும்பகுதி திசுவில் இல்லை, காற்றும் ஈரமும் சந்திக்கும் பரப்பில் இருக்கிறது.

அந்தப் பரப்பு வெறும் தண்ணீராக இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். குமிழின் அழுத்தம் P = 2T/r; இதில் T பரப்பு இழுவிசை, r ஆரம். நுரையீரலில் காற்று நிறையும் நுண்ணிய பையான காற்றறையின் ஆரம் 0.1 மி.மீ., நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.07 நியூட்டன் என்றால், அறை மூடாமல் இருக்கவே சுமார் 14 செ.மீ. நீர் அழுத்தம் வேண்டும். நல்லவேளையாக நம் காற்றறைகளைச் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் படலம் பூசியிருக்கிறது. அறை சுருங்கும்போது அதன் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்பதால் இழுவிசை பூச்சியத்தை நெருங்குகிறது. இழுவிசை 0.005 ஆனால் 1 செ.மீ. அழுத்தமே போதும். விரியும்போது பரப்பு வேகமாகப் பெருகுகிறது. கீழேயிருந்து புது மூலக்கூறுகள் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிப்பதால் இழுவிசை உயர்ந்து நிற்கிறது. ஒரே அளவுள்ள அறைக்கு ஏறும்போது அதிக அழுத்தமும் இறங்கும்போது குறைந்த அழுத்தமும் தேவைப்படுவது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒட்டிக்கொண்ட சிறு குழாய்களையும் அறைகளையும் பிரிக்க அதிக அழுத்தம் வேண்டும். பிரிந்ததைத் திறந்து வைத்திருக்க அவ்வளவு வேண்டாம். சாதாரண மூச்சில் பெரும்பாலான அறைகள் மூடுவதே இல்லை, அதனால் வளையமும் மிக ஒல்லியாகவே இருக்கும்.

வென்டிலேட்டரில் இருக்கும் சில நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சற்று நேரம் அழுத்தத்தை உயர்த்தி மூடிய பகுதிகளைத் திறந்துவிட்டு, அப்புறம் குறைப்பது இந்த வளையத்தை நம்பித்தான். அதே 10 செ.மீ.க்கு மேலிருந்து இறங்கி வந்தால் அதிக நுரையீரல் திறந்திருக்கும். பலன் கிடைத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடும், அதே அளவு காற்றைச் செலுத்தக் குறைந்த அழுத்தம் போதும். திறக்கக்கூடிய பகுதி இல்லாத நுரையீரலில் கூடுதல் அழுத்தம் நல்ல அறைகளைத்தான் அளவுக்கு மீறி இழுக்கும், ரத்த அழுத்தமும் சரியலாம். திறந்த பிறகு வெளிமூச்சின் முடிவில் போதுமான அழுத்தத்தை விட்டுவைக்கவில்லை என்றாலும் பயனில்லை: அறைகள் திரும்ப மூடிக்கொள்ளும், மறுபடி அடியிலிருந்துதான் ஏற வேண்டும்.